பாலத்தில பஸ் நிண்ட கிழமை: பதகளிப்பு பத்திக் கேள்வி பதில்

நான் மட்டக்களப்புப் பக்கம் மனநல விடுதியில நேர்ஸா வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவ. டொக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறன். ஒரு தங்கச்சி தன்ட டயரிப் பக்கத்த அப்பிடியே போட்டு ஒரு கேள்வி கேட்டிரிக்கா. அதுல இருந்தே துவங்குவம், மத்த ஆக்கள் பின்னால கேளுங்க.

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி: அக்கா, இது நேத்து எழுதின. வாசிச்சிட்டுச் சொல்லுங்க, எனக்குச் சரியாயிட்டா?

"ஞாயிறு ராவு 9.40. அஞ்சு மாசத்துக்குப் பிறகு இந்தக் கொப்பியில நல்லது எழுதுறன். இந்தக் கிழமை பதகளிப்பு ஒரு நாளும் முழுசா வரல்ல. திங்கள் டவுனுக்கு வேலைக்குப் போனன், கதவுக்குக் கிட்ட சீட், மடியில தண்ணிப் போத்தல், பேக்குக்குள்ள அவசரத்துக்கு எண்டு தந்த குளிசை. செவ்வாயும் அப்பிடித்தான். புதன் கல்லடிப் பாலத்துக்கு நடுவுல பஸ் நிண்டிட்டு. முன்னுக்கு ஏதோ லொறி. நெஞ்சு டக்கு டக்கெண்டு அடிக்கத் துவங்கிச்சி, விரல் எல்லாம் விறைச்சிச்சி, இறங்குவமா எண்டு பாத்தா பாலத்துல எங்க இறங்குற? கீழ வாவியில ஒராள் தோணியில நிண்டு வலை வீசினார். அது விரிஞ்சி விழுகிறதப் பாத்திட்டு இரிந்தன். நாலாவது வீச்சில பஸ் வெளிக்கிட்டிட்டு, நெஞ்சு எப்ப அடங்கின எண்டு தெரியா. வியாழன் வெள்ளி ஒண்டுமில்ல. சனி வீட்டோட. அம்மா என்ட மூஞ்சையே பாத்திட்டு இரிந்தா. என்னம்மா எண்டன். ஒண்டுமில்ல மகள், நீ ரெண்டாந்தரம் சோறு கேட்டாய் எண்டா. இண்டைக்கு எழும்பின உடன நாடி பிடிச்சிப் பாத்தன், 76. பயம் இல்லாம இரிக்கிறதும் ஒரு மாதிரிப் பயமா இரிக்கு."

பதில்: அம்மாட சோத்துக் கதைய ரெண்டு தரம் வாசிச்சன் தங்கச்சி. சரி, விசயத்துக்கு வாறன்.

நீங்க இத "ஒரு நாளும் முழுசா வரல்ல" எண்டு எழுதிரிக்கிறீங்க, ஆனா இதுல பெறுமதியான நாள் வந்த நாள்தான், அந்தப் புதன். திங்களும் செவ்வாயும் அமைதி எண்டாலும் அந்த அமைதிக்குக் கதவுச் சீட்டு, போத்தல், குளிசை எண்டு மூண்டு காவல்காரர் இரிந்தாங்க. உங்கட மூளை என்ன கணக்குப் போடும் எண்டா, "கதவுக்குக் கிட்ட இரிந்ததால தப்பின நான்" எண்டுதான் போடும், "பஸ்ஸில ஆபத்தில்ல" எண்டு போடாது. புதன்கிழமை அப்பிடி இல்ல. பாலத்துல கதவு இரிந்தும் பிரயோசனமில்ல, நெஞ்சு அடிச்சிது, விரல் விறைச்சிது, நீங்க இரிந்தீங்க, அது தானா இறங்கிச்சி. பதகளிப்பு அநேகமா பத்து நிமிசத்துக்குள்ள உச்சிக்குப் போகும், மறுகா ஒண்டும் செய்யாட்டியும் இறங்கும். இத நாங்க ஆயிரம் தரம் சொன்னாலும் உடம்பு நம்பாது, உடம்புக்கு ஒருக்கா அங்க நிண்டு பாக்கணும்.

சரியாயிட்டா எண்டு கேட்டா, இல்ல, சரியாகத் துவங்கிரிக்கு. எப்பிடித் தெரியும் எண்டா அந்த நாடி பிடிச்ச கதையில தெரியும். இன்னும் காவல் நிக்கிறீங்க.

இனி என்ன செய்யலாம் எண்டா, மூண்டையும் ஒரே நாளில விடப் போகாதீங்க. வாற கிழமை போத்தல மடியில வைக்காம பேக்குக்குள்ள வைங்க. அதுக்கடுத்த கிழமை நடு சீட், ஜன்னல் பக்கம். மறுகா குளிசைய வீட்ட வைச்சிட்டுப் போறது, ஆனா அத முதல்ல கிளினிக்கில சொல்லிட்டுச் செய்ங்க. ஒவ்வொரு தரமும் பஸ் ஏறுறதுக்கு முதல் கொப்பியில ஒரு வரி, "மயங்கி விழுவன், 10க்கு 8 நம்புறன்" எண்டு. இறங்கின உடன நடந்தது என்ன எண்டு இன்னொரு வரி. அவ்வளவுதான். நாடி பாக்கிறத மட்டும் இண்டைக்கே நிப்பாட்டுங்க, தேடித் தேடி எண்ணினா ஆர்ர நெஞ்சும் கூடத்தான் அடிக்கும்.

தங்கச்சி: மயங்கி விழ மாட்டனா அக்கா? எனக்குப் பயமே அதுதான். ஆரையம்பதி தாண்டினாத் தலை சுத்தும்.

பதில்: மயங்குறதெண்டா பிரசர் இறங்கி மூளைக்கு ரத்தம் குறையணும். பதகளிப்பில நெஞ்சு ஓடுது, பிரசர் கூடுற பக்கம்தான் போகும். அதால தலை சுத்தும், விழுற மாதிரி இரிக்கும், விழுறது அருமை. ரத்தத்தக் கண்டா மயங்குற ஆக்கள் வேற, அது வேற கதை. அஞ்சு மாசத்துல எத்தினை தரம் விழப்போறன் எண்டு நினைச்சீங்க, எத்தினை தரம் விழுந்தீங்க? கொப்பியில எண்ணிப் பாருங்க.

கல்முனைத் தம்பி: இதுக்கு ஈசியான வழி இரிக்கு, கடதாசி பேக்குக்குள்ள மூச்சு விட்டாச் சரி, இல்லாட்டி நல்லா ஆழமா பத்துப் பதினஞ்சு மூச்சு இழுக்கணும். ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க?

பதில்: பாதி சரி தம்பி. பதகளிப்பில நாம தெரியாமலே கூட மூச்சு விடுறம், அதால ரத்தத்துல காபனீரொட்சைட்டு குறையுது, விரல் விறைக்கிறதும் வாயச் சுத்தி எறும்பூர்ற மாதிரி இரிக்கிறதும் அதாலதான். பேக்குக்குள்ள விட்டா அந்த வாயு திரும்பி வரும், அந்தக் காலத்துல நாங்களும் விடுதியில குடுத்த நாங்க. ஆனா வந்திரிக்கிறது ஆஸ்துமாவா, ஹார்ட்டா எண்டு தெரியாம பேக்கக் குடுத்து ஒட்சிசன் குறைஞ்சி போனா ஆபத்து, அதால இப்ப அதச் செய்யச் சொல்றல்ல. உங்கட ரெண்டாவது யோசின முதலாவதுக்கு நேர் எதிர். ஏற்கெனவே கூட மூச்சு விடுற ஆள ஆழமா இழு எண்டா இன்னும் விறைக்கும். மூக்கால 4 எண்ணி மெதுவா எடுத்து 6 எண்ணி விடுறது பரவாயில்ல. அதுவும் பதகளிப்ப விரட்டுறதுக்கு எண்டு செஞ்சா நாலாவது காவல்காரனாப் போயிரும்.

கிளினிக்கில நாங்க மாறிச் செய்வம். ஸ்ட்ரோவால ஒரு நிமிசம் மூச்சு எடுக்கச் சொல்லுவம், கதிரையில இரித்திச் சுத்துவம், படிக்கட்டுல ஓடவிடுவம். வேணுமெண்டே நெஞ்சடிப்பும் தலைசுத்தும் வரப் பண்ணி, வந்தா என்ன நடக்குது எண்டு பாக்க வைக்கிற. ஆஸ்துமா, வலிப்பு, இருதய வருத்தம், கர்ப்பம் இரிக்கிற ஆக்களுக்கு டொக்டரக் கேக்காம இதுகளச் செய்யப்படாது.

சம்மாந்துறைச் சகோதரர்: எங்கட வாப்பாவுக்கும் இதேதான். 58 வயசு, சீனி வருத்தமும் இரிக்கி. நடந்தா நெஞ்சு இறுக்கும், வேர்க்கும், இரிந்தாச் சரியாகும். அவரும் டயரி எழுதினா நல்லமா?

பதில்: இல்ல தம்பி, இது அந்தக் கதையே இல்ல. நடக்கக்குள்ள வந்து இரிந்தா விடுற நெஞ்சிறுக்கம், அதுவும் சீனி இரிக்கிற 58 வயசுல, அது பதகளிப்பு எண்டு நீங்களும் முடிவு செய்யப்படாது, நானும் செய்யப்படாது. நாளைக்கு எண்டு வைக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க, ஈசிஜி எடுக்கட்டும். சும்மா இரிக்கக்குள்ள இறுக்கினா, கைக்கோ தாடைக்கோ இழுத்தா, 1990 அம்புலன்சுக்கு அடிங்க. இந்தத் தங்கச்சிக்கும் முதல்ல ஈசிஜி, தைரொயிட், ரத்தம் எல்லாம் பாத்து நோர்மல் எண்ட பிறகுதான் பதகளிப்பு எண்டு பேரை வைச்ச.

அக்கரைப்பத்து ராத்தா: நான் பதகளிப்புக்குச் சேர்ட்ரலின் 50 குளிசை குடிக்கிறன், ரெண்டு மாசம், இப்ப நல்லம். நோன்புக்கு விடலாம்தானே? முதல் கிழமை குடிச்சப்ப பதகளிப்பு கூடிப் போய் நானே பயந்திட்டன்.

பதில்: விட வேணாம், நேரத்த மாத்தலாம். ஒரு நாளைக்கு ஒண்டு குடிக்கிற மருந்துதானே, நோன்பு திறந்த பிறகோ சஹருக்கோ எடுக்கலாம், எது எண்டு கிளினிக்கில கேட்டு முடிவெடுங்க, ஏனெண்டா சிலருக்கு அது நித்திரையக் குழப்பும், சிலருக்கு நித்திரை வரப் பண்ணும். முதல் கிழமை கூடினது அந்த மருந்துட பழக்கம், அதுக்குத்தான் 25ல துவங்கி 50க்கு ஏத்துற. பிரயோசனம் தெரிய ரெண்டு கிழமையில இருந்து ஆறு கிழமை போகும், கனபேர் அதுக்கு முதலே விட்டிர்றாங்க. நல்லாயிட்டன் எண்ட பிறகும் ஆறு மாசமாவது போகணும், சில ஆக்களுக்கு ஒரு வருசம். திடீரெண்டு விட்டாத் தலை சுத்தும், வயித்தப் பிரட்டும், தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இரிக்கும். அத "வருத்தம் திரும்பிட்டு" எண்டு நினைச்சிப் பயந்து வாற ஆக்கள நிறையப் பாத்திரிக்கன்.

வாழைச்சேனை அண்ணன்: கோயில்ல நூல் கட்டினா நிக்கும் எண்டு எங்கட அம்மம்மா கட்டிவிட்டா, என்ட தங்கச்சிக்கு நிண்டிட்டு. நீங்க இதையும் காவல்காரன் எண்டு கழட்டச் சொல்லுவீங்களோ?

பதில்: கழட்டச் சொல்ல மாட்டன். என்ட கையிலயும் கிடக்கு. ஆனா ஒரு கேள்வி, நூல் அறுந்து விழுந்தா அண்டைக்கு உங்கட தங்கச்சி பஸ் ஏறுவாவா? ஏறுவா எண்டா அது பக்தி. ஏற மாட்டா எண்டா அந்தப் போத்தலும் நூலும் ஒண்டுதான்.

அண்ணன்: அப்பிடிப் பாத்தா உங்கட குளிசையும் நூல்தானே?

பதில்: பேக்குக்குள்ள உடைக்காமக் கிடக்கிற குளிசை எண்டா ஓம், நூல்தான். நாளாந்தம் குடிக்கிறது வேற வேலை செய்யுது. நூல் விசயத்துல நீங்களும் நானும் ஒத்துவர மாட்டம் போல, பரவாயில்ல.

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி: அக்கா, அவசரப்பட்டு இண்டைக்கே நடு சீட்டில இரிந்தன். காத்தான்குடிக்குக் கிட்ட பதகளிப்பு வந்திட்டு. தாங்க ஏலாம இறங்கிட்டன். அமைதியா இரிந்த கிழமை எல்லாம் வீணாப் போச்சா?

பதில்: இறங்கி எங்க போனீங்க?

தங்கச்சி: கடையில ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸில வேலைக்குப் போனன். 25 நிமிசம் லேட்.

பதில்: அஞ்சு மாசத்துக்கு முதல் எண்டா வீட்ட திரும்பிரிப்பீங்க. இறங்கினது நட்டம்தான், இல்லெண்டு சொல்லல்ல, உச்சியில இறங்கினா உடம்பு இறங்கினதுக்குத்தான் நன்றி சொல்லும். ஆனா அடுத்த பஸ்ஸில ஏறினதால அந்த நட்டத்துல பாதிய அங்கயே எடுத்திட்டீங்க. கதவுச் சீட்டுக்குத் திரும்பிப் போக வேணாம், நடு சீட்டும் இப்பவே வேணாம். கதவுக்கு ரெண்டு சீட் பின்னால, நாளைக்கும் நாளண்டைக்கும் அதே இடம். இறங்கணும் போல வந்தா அடுத்த ஹோல்ட் வரைக்கும் எண்டு பிந்திப் போடுங்க, அங்க வந்து மறுபடி யோசிங்க. வந்தது எத்தினை மணிக்கு, இறங்கினது எத்தினை மணிக்கு எண்டு கொப்பியில எழுதினீங்களா? எழுதியிரிந்தா அந்த வரியையும் போடுங்க, பாப்பம்.