அடுப்படிக் கடிகாரம் எத்தனை யூனிட் சாப்பிடுகிறது?

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பில் பச்சைக் கடிகாரம் இரவெல்லாம் எரிகிறது. சுவிட்சை அணைத்தால் கரண்ட் பில் குறையும் என்கிறார் என் மாமியார். ஒரு கடிகாரத்துக்கு எவ்வளவுதான் ஆகிவிடும்?
— இல்லத்தரசி, திருநெல்வேலி

மாமியார் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. சற்றுப் பழைய மைக்ரோவேவ் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 3 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 72 வாட்-மணி. நீங்கள் காலையில் பாலும் இரவில் குழம்புமாக மொத்தம் மூன்று நிமிடம் சூடாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு 1200 வாட் இழுத்தால் அதற்கு 60 வாட்-மணிதான். ஆக, சமையலுக்கு ஆனதைவிடக் காத்திருப்புக்கு ஆனது அதிகம்.

வருடத்துக்கு 26 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 158 ரூபாய். 1 வாட் மட்டும் இழுக்கும் புதிய அடுப்பென்றால் 53 ரூபாயோடு முடிந்துவிடும். எழுத்தின் வெளிச்சத்துக்கு மட்டும் ஆகும் செலவல்ல இது. நீங்கள் எப்போது பொத்தானை அழுத்துவீர்கள் என்று உள்ளே ஒரு மின்சுற்று விழித்துக்கொண்டே இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான். அதனால் திரையை மட்டும் இருட்டாக்கினால் செலவு குறையுமே தவிர நிற்காது.

158 ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடுகிறது. போன கோடையில் எங்கள் வீட்டுக் கணக்கு 503-இல் நின்றது. மைக்ரோவேவ் அந்த இரண்டு மாதத்தில் சும்மா இருந்தே தின்றது 4.4 யூனிட். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த சுவிட்ச் அணைந்தே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்க வேண்டியதில்லை; நம் ஊர்ச் சுவரில் சுவிட்ச் இருக்கிறது, அது போதும். நேரம் அழிந்து சுழி காட்டினாலும் பால் சூடாகும். சுவருக்குள் பதிக்கும் பெரிய ஓவன்களில் சில மட்டும் நேரம் வைக்காவிட்டால் இயங்க மறுக்கும்.

கேள்வி: ஃபிரிட்ஜையும் இரவில் அணைத்துவிடலாமா?
— வாசகர், தருமபுரி

கூடாது.

கேள்வி: எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, என் காபி மெஷின் அணைந்திருக்கும்போதே 8 வாட் எடுக்கிறது என்றார். அதைத் தூக்கிப்போட்டு வேறு வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

வாங்காதீர்கள். கிளாம்ப் மீட்டர் காட்டியது மின்னோட்டம். அதை அவர் 230 வோல்ட்டால் பெருக்கி வாட் என்று சொல்லியிருக்கிறார். காத்திருப்பில் உள்ள கருவிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பல சிறிய கருவிகளில் மின்சாரம் ஒரு மின்தேக்கி வழியாக உள்ளே வருகிறது. அது எடுத்த மின்னோட்டத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். பெருக்கினால் 8 வரும். உண்மையில் செலவாவது 1 வாட் அளவில்கூட இருக்கலாம். வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது செலவானதை மட்டும்தான்.

நானும் இதில் பணம் இழந்திருக்கிறேன். 700 ரூபாய்க்கு ஒரு பிளக் மீட்டர் வாங்கினேன். இஸ்திரிப் பெட்டிக்குச் சரியாகக் காட்டியது, மைக்ரோவேவின் கடிகாரத்துக்குச் சுழி என்றது. மலிவு மீட்டர்கள் ஐந்து வாட்டுக்குக் கீழே நம்பத் தகுந்தவை அல்ல என்பதை வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

செலவில்லாத வழி உங்கள் வீட்டு மின் மீட்டரிலேயே இருக்கிறது. அதில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று முகப்பில் அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், விளக்கு, விசிறி எல்லாவற்றையும் பத்து நிமிடம் அணையுங்கள். காத்திருப்பில் உள்ளவற்றை மட்டும் அப்படியே விடுங்கள். இரண்டு மின்னலுக்கு இடையே எத்தனை வினாடி என்று எண்ணி, 1125-ஐ அதால் வகுத்தால் வாட் கிடைக்கும். 75 வினாடி என்றால் 15 வாட். இப்போது காபி மெஷினை அணைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். இடைவெளி 80 வினாடி ஆனால் 14 வாட். வித்தியாசமான அந்த 1 வாட்தான் மெஷினுடையது. அதை மட்டும் தனியாக விட்டு அளக்காதீர்கள். அவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு மீட்டர் நகராமலே இருந்துவிடும்.

கேள்வி: சமையலறைக் கருவிகளை மொபைலிலிருந்தே அணைக்க நான்கு வைஃபை பிளக் வாங்கலாம் என்றிருக்கிறேன்.
— வாசகர், சென்னை

வைஃபை பிளக்கும் இரவு பகலாக ஒரு வாட் அளவுக்கு எடுக்கும். கையை நீட்டி சுவிட்சை அணையுங்கள்.

கேள்வி: பிளக்கில் செருகினால் பில் 40 சதவீதம் குறையும் என்ற விளம்பரத்தை நம்பி, மகள் அனுப்பிய பணத்தில் 1,499 ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கினேன். இரண்டு பில் வந்துவிட்டது. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. திரும்பப் பெற மறுக்கிறார்கள்.
— வாசகி, விருதுநகர்

அம்மா, உங்கள் பேரில் தவறே இல்லை. அந்தப் பெட்டிகளைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு மின்தேக்கியும் ஒரு பச்சை விளக்கும்தான் இருக்கும். மின்னோட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். வீட்டு பில் மின்னோட்டத்துக்குப் போடப்படுவதில்லை. அந்தப் பச்சை விளக்கு எரிவதும் உங்கள் செலவில்தான்.

விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீது, முன்னும் பின்னும் வந்த பில்கள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்றவன் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்துவிடுங்கள்.

கேள்வி: இண்டக்ஷன் அடுப்பை வேலை முடிந்ததும் சுவிட்சிலேயே அணைத்துவிடுகிறேன். சிக்கனம்தானே?
— வாசகர், ஈரோடு

அவசரப்படுகிறீர்கள். முதலில் அடுப்பின் பொத்தானை அழுத்துங்கள். உள்ளே விசிறி ஓடுகிற சத்தம் கேட்கும். சுருளையும் மின்சுற்றையும் அது குளிரவைத்துக்கொண்டிருக்கிறது. சத்தம் நின்ற பிறகு சுவிட்சை அணையுங்கள். சூட்டோடு அணைத்துப் பழகினால், மிச்சம் பிடித்த காசு பல மடங்காகப் பழுதுபார்ப்பவரிடம் போகும்.

கேள்வி: பெரிய நீலத் திரை அழகாக இருந்ததால் ஒரு மைக்ரோவேவ் வாங்கினேன். காத்திருப்பில் எத்தனை வாட் என்று பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. மின்சார ரைஸ் குக்கரில் சாதத்தை மதியம்வரை சூடாக வைக்கும் பழக்கமும் உண்டு. எதை அணைத்தால் லாபம்?
— வாசகர், கோயம்புத்தூர்

குக்கரை. சூடாக வைக்க 40 வாட் ஆகுமென்றால் நான்கு மணி நேரத்தில் 160 வாட்-மணி. நான் மேலே சொன்ன 3 வாட் கடிகாரத்துக்கு இரண்டு நாளைக்கு ஆவதைவிட அதிகம். திரையின் அழகைப் பார்த்து அடுப்பு வாங்கிவிட்டு வாட்டைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

ஆனால் அந்த எண்ணை அச்சிடாதவர்கள் மேல் எனக்குள்ள கோபம் உங்கள் மேல் உள்ளதைவிடப் பெரிது. காத்திருப்பு மின்சாரத்தை 1 வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-இலேயே சொல்லிவிட்டது. ஐரோப்பாவில், நேரம் காட்டும் திரை இருந்தாலும் வீட்டுக் கருவிகள் 1 வாட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2013-இலேயே வந்தது. அமெரிக்காவில் மேடைமேல் வைக்கும் மைக்ரோவேவுக்கு 2016-இல் அதே வரம்பு வந்தது. செய்ய முடியாத காரியமல்ல, செய்திருக்கிறார்கள். ஆனால் இங்கே கடையில் நான் புரட்டிப் பார்த்த பெட்டிகளில் கொள்ளளவு லிட்டர், நிறம், சமையல் முறைகளின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. இந்த ஒரு எண் மட்டும் இல்லை. அடுத்த முறை கடைக்காரர் வாட் தெரியாது என்றால், நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுப் பதில் வாங்கித் தரச் சொல்லுங்கள். பதில் வரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.