இரவு ஒன்றரை வரை படிப்பும் லயத்துக்கு வரும் பவுடர் டின்னும்

கேள்வி: என் மகன் இந்த முறை ஓ.எல். எழுதுகிறான். இரவு ஒன்றரை மணி வரைக்கும் படிக்கிறான். அடுத்த நாள் கேட்டால் பாதி ஞாபகம் இல்லை. வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று சேர் சொல்கிறார். லயத்துக்கு வந்த ஒருவர் ஞாபக சக்தி பவுடர் தவணைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? — ஒரு அம்மா, பொகவந்தலாவை

பதில்: வாங்க வேண்டாம். சம்பள நாள் பார்த்து டின்னோடு வருகிறவர்களை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர்கூடப் பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று கேட்டதில்லை. கேட்டால் வியாபாரம் நடக்காது.

ஒன்றரைக்குப் படுத்து, பஸ்ஸைப் பிடிக்க ஐந்துக்கு எழும்பினால் மூன்றரை மணித்தியாலம்தான் தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. படித்தது மூளையில் பதிகிற வேலையில் முக்கியமான பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. 1924இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியபோது மனதில் நின்றது, அதே நேரம் விழித்திருந்தபோது நின்றதைவிட அதிகம். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கின்றன. உங்கள் மகன் நான்கு மணித்தியாலம் படித்துவிட்டு, அது பதிவதற்கான நேரத்தை வெட்டிவிடுகிறான்.

தூக்கம் வராமல் இருக்க பிளேன்டி குடிக்கிறானா? இரவு பத்து மணிக்குக் குடித்த தேயிலைச் சாயத்தில் இருக்கும் கஃபீனில் பாதி, மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கலாம். அதனால் படுத்தாலும் நல்ல தூக்கம் வராது. மாலை நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சங்கடம்தான்.

இப்படி மாற்றிப் பாருங்கள். பாடசாலை ஒன்றரைக்கு விட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருகிறான் என்று வைப்போம். சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் படுக்கட்டும். அதற்கு மேல் போனால் எழும்பும்போது மந்தமாக இருக்கும், இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும். நாலரையிலிருந்து ஆறரை வரைக்கும் கணக்கு, விஞ்ஞானம். இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் வரலாறு மாதிரி மனப்பாடப் பாடம். பத்து மணிக்குப் படுக்கை. ஐந்துக்கு எழும்பினால் ஏழு மணித்தியாலம், எட்டுக்கு இன்னும் குறைவுதான், ஆனால் இப்போது தூங்குவதைப்போல் இரண்டு மடங்கு. காலை ஐந்துக்கு எழும்பியதும் புத்தகத்தைத் திறக்காமல், இரவு படித்ததில் ஞாபகம் வருவதை ஒரு தாளில் எழுதட்டும். பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு விடுபட்டதை மட்டும் படித்தால் போதும். ஒரே நாளில் ஒன்றரையிலிருந்து பத்துக்கு இழுத்தால் படுத்துப் புரள்வான். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் முன்னே கொண்டுவாருங்கள்.

டியூஷன் இருக்கிறதே என்பீர்கள். மாலையிலும் வகுப்பு, சனி ஞாயிறு விடியலிலிருந்து இருட்டும்வரை வகுப்பு, பரீட்சை நெருங்கினால் 'இரவு கருத்தரங்கு' என்று விடிய விடிய ஒரு வசூல். பாடசாலையில் முடிக்க வேண்டியதை டவுனில் காசுக்கு முடிக்கிறார்கள், கேட்க ஆளில்லை. வார நாளில் ஒரு வகுப்பையாவது நிறுத்துங்கள். இரவு கருத்தரங்குக்கு அனுப்பவே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இது நம் பக்கத்தில் பல வீடுகளுக்குப் பொருந்தும். பத்துக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா, ஆறு பேர், டிவி. அப்பா ஃபெக்டரியில் இரவு வேலை என்றால் பகலிலும் சத்தம் போட முடியாது. அங்கே பிள்ளைக்கு அமைதி கிடைப்பதே எல்லாரும் படுத்த பிறகுதான். அவனிடம் 'பத்துக்குப் படு' என்றால் படிப்பே போய்விடும். அப்படியானால் அந்த அமைதியில் ஒன்றரை மணித்தியாலம் மட்டும், பதினொன்றைத் தாண்டாமல், மனப்பாடப் பாடத்துக்கு ஒதுக்குங்கள். சத்தத்திலும் செய்யக்கூடிய கணக்கு, படம் வரைதல் எல்லாம் மாலைக்கு. மாலையில் பூட்டிக் கிடக்கும் பிள்ளைக் காம்பராவின் சாவி கிடைத்தால் நான்கு பிள்ளைகள் சேர்ந்து படிக்கலாம். ஆனால் சாவிக்குக் கடிதம், கடிதத்துக்குத் துரை, துரைக்கு லீவு. கேட்டுக்கொண்டே இருங்கள்.

காலையில் வெறும் தேத்தண்ணியோடு அனுப்பாதீர்கள். ரொட்டியோடு பருப்போ அவித்த கடலையோ இருந்தால் இடைவேளை வரைக்கும் தாங்கும். பஸ்ஸுக்கு இறங்கும் நடையை மிச்சம் பிடிக்க த்ரீவீல் பேசாதீர்கள். காலையில் எழுதிய தாளை மனதில் ஓட்டிப்பார்க்க அந்த நடைதான் நேரம், உடம்பும் விழித்துக்கொள்ளும்.

காலைத் தாள்களைத் திகதி போட்டு வையுங்கள். இரண்டு வாரத்தில் எழுதும் வரிகள் கூடினால் சரியான வழி. ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணித்தியாலம் கூடத் தூங்கினால் இன்னும் தூக்கக் கடன் இருக்கிறது, படுக்கும் நேரத்தை மேலும் முன்னே இழுங்கள். போதுமான நேரம் தூங்கியும் தூங்கி விழுந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டின்காரர் அடுத்த சம்பளத்துக்கு வந்தால், அந்தத் தாள்களைக் காட்டி அனுப்பிவிடுங்கள்.