வீட்டுக்குத் திரும்பி வருவது யார்?

‘ரெஸ்பெக்ட்’ பாடலை அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் குரலில்தான் இத்தனை நாள் கேட்டிருந்தேன். ஓடிஸ் ரெட்டிங் பாடிய மூலத்தை இப்போது கேட்டால் பல வரிகள் வேறாக இருக்கின்றன. ஆண் பாடியதைப் பெண் பாடுவதால் வந்த மாற்றங்களா, அல்லது அரீத்தா வேறு எதையோ சொல்ல வந்தாரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பதிவுகளையும் காதால் கேட்டு, நீங்களே வரிவரியாக எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அரீத்தா பாட்டின் நடுவில் TCB என்று ஒரு மூன்றெழுத்துச் சுருக்கத்தைச் சொல்கிறார். ‘உன் காரியத்தைச் சரியாகப் பார்’ என்னும் பேச்சுவழக்கின் சுருக்கம் அது. கடைசி எழுத்தைத் தவறாகக் கேட்டுப் பலர் அதைப் பொருளற்றதாக்கியிருக்கிறார்கள்.

அடுத்து, பலரும் விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது. மூலத்துக்கும் புதியதற்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பிரதியை நீங்களே எழுதுங்கள். மூல வரிகளில் ஆண், பெண் என்பதைக் காட்டும் சொற்களை மட்டும் மாற்றினால் போதும். வேறு எதையும் தொடக்கூடாது. ஒப்பிட வேண்டியது இந்த நடுப் பிரதியோடுதான். அதிலிருந்து விலகி நிற்கும் சொற்களே பாடகர் யோசித்து மாற்றியவை.

செய்து பார்ப்போம். 1965இல் வெளியான ஓடிஸின் பாட்டில், உழைத்துக் களைத்த ஒருவன் பேசுகிறான். உனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது, நான் வீடு திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் மரியாதை கொடு, அது போதும் என்கிறான். இதில் ஆண், பெண் அடையாளம் எதுவும் இல்லை என்பதால் நடுப் பிரதியிலும் வரி மாறாது. ஒரு பெண் அப்படியே பாடியிருக்கலாம். ஆனால் 1967 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவு செய்தபோது அரீத்தா பாடியது ‘நீ வீடு திரும்பும்போது’ என்று. வெளியே போய் வருபவன் இன்னும் அதே ஆண்தான். வீடும் அதே வீடுதான். வாசலுக்கு உள்ளே இருந்தவள் இப்போது பேசுகிறாள். ஆக, இது அவன் பாட்டுக்கு அவள் கொடுக்கும் பதில்.

இந்தச் சாவி கிடைத்துவிட்டால் மற்ற வரிகள் தாமாகத் திறக்கும். நான் இல்லாதபோது நீ எனக்குத் துரோகம் செய்தாலும் பரவாயில்லை என்று ஓடிஸ் சலுகை தருகிறார். அரீத்தாவோ, நீ இல்லாதபோது நான் துரோகம் செய்ய மாட்டேன், காரணம் எனக்கு விருப்பமில்லை என்கிறார். அவன் அனுமதியை அவள் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

மாற்றாமல் விட்டதையும் பாருங்கள். என் பணம் முழுவதையும் உன்னிடம் கொடுக்கப்போகிறேன் என்ற வரி மூலத்தில் ஆணுடையது. உள்ளே இருப்பவள் பதில் சொல்கிறாள் என்றால் ‘உன் பணம்’ என்று மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. உன் முத்தம் தேனைவிட இனிது, என் பணமும் அப்படித்தான் என்று வேறு சேர்த்துக்கொள்கிறார். சம்பாதிப்பவளும் அவள்தான் என்றாகிவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பாட்டின் மிகத் துணிச்சலான இடம் ‘ரெஸ்பெக்ட்’ என்பதை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எல்லோரும் கூவும் அந்த எழுத்துக்கூட்டல் அல்ல, இந்தப் பணம்தான்.

எழுத்துக்கூட்டல் மூலத்தில் கிடையாது. சேர்க்கப்பட்ட வரிகளைப் படிக்கும்போது அந்தப் பாடகரின் பழைய பாட்டுகளையும் ஒருமுறை தேடிப்பாருங்கள். இறுதிப் பகுதியில், ஏமாளிகள் உனக்குத் தீர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. அது 1964இல் அரீத்தாவே பாடிய ஒரு பாட்டின் தலைப்பு. அதை அடுத்து வருவது, நீ உள்ளே நுழையும்போது நான் போயிருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை. முதல் வரியில் தொடங்கிய வாசற்படிக் காட்சி அங்கே முடிகிறது.

இந்த முறை எட்டாத இடமும் உண்டு. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பெண்ணுரிமை இயக்கமும் இந்தப் பாட்டைத் தமதாக்கிக்கொண்டன. ஆனால் சொற்களை மட்டும் வைத்து அரீத்தா அதைத்தான் எண்ணிப் பாடினார் என்று நிறுவ முடியாது. வரிகளில் இருப்பது ஒரு வீடும் இரண்டு பேரும்தான்.

‘அரீத்தா சொல்ல வந்தது’ என்று எழுதும்போதும் சற்று நிதானம் வேண்டும். பின்னணி பாடிய தங்கை கரோலினுக்கும் இந்த மாற்றங்களில் பங்கு உண்டு. இசைத்தட்டிலோ பாடலாசிரியர் என்று ஓடிஸ் ரெட்டிங் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதே 1967 ஜூனில் மான்டரே இசை விழா மேடையில், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுபோன பாட்டு என்று சொல்லித்தான் அவர் இதைப் பாடத் தொடங்கினார்.