ஒன்பது தவணையில் முடியும் ஆர்டி

கேள்வி: வீட்டுக்காரர் மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறார். தடைக்காலம் இப்போதுதான் முடிந்தது. மாதம் 2,000 ரூபாய் மிச்சம் பிடித்து, அடுத்த ஜூனில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைக்க வேண்டும். சீட்டு எடுத்த 15,000 ரூபாயும் கையில் இருக்கிறது. ஆர்டி போடுவதா, எஃப்டி போடுவதா? எஃப்டிக்குத்தான் வட்டி நிறைய வரும் என்கிறார்கள்.

பதில்: வட்டி விகிதம் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் வரும் தொகை ஒன்றல்ல. 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 24,000 ரூபாயை மொத்தமாக ஓராண்டு எஃப்டியில் போட்டால் சுமார் 1,473 ரூபாய் வட்டி வரும். அதே தொகையை மாதம் 2,000 வீதம் 12 மாத ஆர்டியில் கட்டினால் 790 ரூபாய்தான். வங்கி ஏமாற்றவில்லை. முதல் தவணை 12 மாதம் வங்கியில் இருக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம்தான் இருக்கிறது. மாதா மாதம் வருகிற பணத்தை மொத்தமாகப் போட முடியாது என்பதால், இந்த ஒப்பீடே உங்களுக்குப் பொருந்தாது. கையில் இருப்பது எஃப்டிக்கு, இனி வரப்போவது ஆர்டிக்கு. அவ்வளவுதான்.

நீங்கள் உண்மையில் யோசிக்க வேண்டியது காலத்தை. கவுன்டரில் கேட்டால் '12 மாதம் போடுங்க' என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். ஜூலை 5-ஆம் தேதி அப்படித் தொடங்கினால் அது முதிர்வது அடுத்த ஜூலை 5. கட்டணமோ ஜூனில். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. மே, ஜூன் தவணைகளுக்கு எங்கே போவீர்கள்? பல வங்கிகளில் தவறிய தவணைக்கு 100 ரூபாய்க்கு மாதம் 1.50 அபராதம். 2,000-க்கு மாதம் 30 ரூபாய். மே தவணையும் ஜூன் தவணையும் ஜூலையில் சேர்த்துக் கட்டினால் 60-உம் 30-உம், ஆக 90 ரூபாய் போய்விடும். தவணையைச் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கச் சொல்லியிருந்து, அன்று அதில் பணம் இல்லையென்றால், சில வங்கிகள் தனிக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் போடும். அது அபராதத்தைவிடக் கூடுதலாகவே வரலாம்.

அதனால் 9 மாத ஆர்டி கேளுங்கள். ஜூலை 5-இல் முதல் தவணை, மார்ச் 5-இல் ஒன்பதாவது, ஏப்ரல் 5-இல் முதிர்வு. தடை தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே கையில் வந்துவிடும். அதே 6 சதவீதத்தில் 18,000 ரூபாய்க்குச் சுமார் 454 வட்டி. சில வங்கிகளில் ஆர்டி 12 மாதத்துக்குக் குறையாது, அங்கே வேண்டாம். தபால் நிலைய ஆர்டியும் இதற்குச் சரிப்படாது. அது ஐந்தாண்டுக் கணக்கு, மூன்றாண்டுக்கு முன் முடிக்க விடமாட்டார்கள்.

ஏப்ரலில் வரும் 18,454 ரூபாயை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். அடுப்பெரியாத மாதத்தில் அது கல்லூரிவரை போய்ச் சேராது. நான் கிளையில் வேலை பார்த்த காலத்தில், படிப்புக்கென்று சேர்த்த பணம் மே மாத மளிகைப் பாக்கிக்குப் போனதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றே இரண்டு மாத எஃப்டியாக மாற்றிவிடுங்கள். குறுகிய காலத்துக்கு விகிதம் குறைவு, நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வந்தால் பெரிது. பணம் பத்திரமாக இருப்பதுதான் இங்கே ஆதாயம்.

இனி சீட்டுப் பணம். 15,000-ஐயும் எஃப்டியில் போட வேண்டாம், 13,000 போதும். எஃப்டியை நாள் கணக்கிலும் போடலாம். இன்றிலிருந்து 350 நாள் என்றால் ஜூன் முதல் வாரத்தை ஒட்டி முதிரும், வட்டி 760 ரூபாய் கிட்ட வரும். படிவத்தில் தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தைக் கவனியுங்கள். அதில் டிக் இருந்தால், முதிர்ந்த அன்றே பணம் மறுபடி இன்னொரு 350 நாளுக்குப் போய்விடும். அப்புறம் உடைத்தால் பல வங்கிகளில் அரை முதல் ஒரு சதவீதம்வரை வட்டியைக் குறைப்பார்கள். ரசீது வாங்கியதும் முதிர்வுத் தேதியையும், பணம் சேமிப்புக் கணக்குக்கு வரும் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் கவுன்டரிலேயே நின்று பாருங்கள்.

மீதி 2,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று எழும்பி, மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காமல் வாரக்கணக்கில் படகு கரையில் கிடக்குமே, அந்த மாதத் தவணை இதிலிருந்து போகும். இதனால் எஃப்டி வட்டியில் உங்களுக்குக் குறைவது சுமார் 117 ரூபாய். அடுத்த நல்ல மீன்பாட்டில் பங்குப் பணம் வந்ததும் அந்த 2,000-ஐத் திரும்ப நிரப்பிவிடுங்கள்.