சந்தனம், எலுமிச்சை, ரோஜா: சோப்பு மாறினால் தோல் ஏன் மாறுகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். சந்தன சோப்பில் குளித்தால் தோல் மென்மையாக இருக்கிறது. எலுமிச்சை சோப்பில் இழுத்துப் பிடிக்கிறது. ரோஜா சோப்பு போட்டால் மறுநாள் அக்குளில் அரிக்கிறது. எந்த வாசனை நல்லது? பாடி வாஷுக்கு மாறலாமா?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றில், ரோஜா சோப்பால் வரும் அரிப்புக்கு மட்டுமே வாசனையைச் சந்தேகிக்க வேண்டும். இழுப்பும் மென்மையும் பெரும்பாலும் சோப்பின் அடிப்பொருளிலிருந்து வருகின்றன. உறையின் பின்புறம் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் அச்சிடப்பட்டிருக்கும். அது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. 76 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது முதல் தரக் குளியல் சோப்பு. 'பாத்திங் பார்' என்று விற்கப்படுபவற்றில் இந்த அளவு மிகவும் குறைவாக இருக்கலாம். உங்கள் சந்தன, எலுமிச்சை சோப்புகளின் உறைகளை அருகருகே வைத்துப் பாருங்கள்; இரண்டின் அளவும் ஒன்றாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

இருப்பினும் மூக்கின் பங்கையும் ஒதுக்கிவிட முடியாது. எலுமிச்சை மணத்துக்குக் காரணமான லிமோனீன் எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால், குளிக்கும்போது பளிச்சென்று வீசிவிட்டுத் துவட்டுவதற்குள் மறைந்துவிடுகிறது. அதன்பின் கவனம் முழுவதும் தோலின் வறட்சியில் நிற்கிறது. சந்தன மணத்தைத் தரும் சாண்டலால் என்பது கனமான மூலக்கூறு. மெதுவாகவே ஆவியாகி நெடுநேரம் தோலில் தங்குவதால், தோல் இதமாக இருப்பதான உணர்வும் நீடிக்கிறது. ரோஜா மணம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

போர்வெல் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருந்தால் அவை சோப்போடு சேர்ந்து, கரையாத வெண்படலமாகத் தோலில் ஒட்டிக்கொள்கின்றன. வாளியின் உட்புறத்தில் பிசுபிசுப்பாகப் படிவதும் அதுவே. பாடி வாஷ் பெரும்பாலும் செயற்கைச் சுத்திகரிப்பான்களால் ஆனது என்பதால் இந்தப் படலம் உண்டாகாது. மேலும் சோப்பின் காரத்தன்மை பி.எச். 9 முதல் 10 வரை இருக்க, தோலின் இயல்பான 5.5-ஐ ஒட்டிய பாடி வாஷ்கள் கிடைக்கின்றன. ஆகவே உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பொறுத்தவரை பாடி வாஷுக்கு மாறிப் பார்ப்பது பொருத்தமே. ஆனால் மணம் மிகுந்ததை வாங்கினால், அரிப்பு அங்கும் தொடரக்கூடும்.

அந்த அரிப்பைப் பற்றிச் சற்றுக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன். வறட்சியின் இழுப்பு குளித்த சில நிமிடங்களிலேயே, முழங்காலுக்குக் கீழும் முன்கையிலும் தெரியும். ஒவ்வாமையோ ஓரிரு நாள் கழித்து, அக்குள் போன்ற மடிப்புகளில் சிவந்து அரிக்கும். உங்களுக்கு வருவது இதை ஒத்திருக்கிறது. ரோஜா மணத்தில் சேரும் ஜெரானியால் என்பது இத்தகைய ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்களில் ஒன்று. எனவே சந்தனம் உட்பட மணமுள்ள அனைத்தையும், டியோடரண்டையும் சேர்த்து, இரண்டு வாரம் நிறுத்துங்கள். 'அன்சென்ட்டட்' என்பதில் வாடையை மறைக்கும் நறுமணம் இருக்கலாம் என்பதால், 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று எழுதியதையே வாங்குங்கள். அரிப்பு நின்றபின், சந்தன சோப்பை ஒரு முன்கையில் மட்டும் ஒரு வாரம் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். தடிப்பில்லையென்றால் குளிக்கப் பயன்படுத்தலாம். இரண்டு வாரத்திலும் அரிப்பு குறையாவிட்டால் அது பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவாமல், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.