படத்தை அனுப்பினால் செயின் அளவு சொல்ல முடியுமா?

கேள்வி: ஐயா, மரம் அறுக்கும் மெஷின் படம் மூன்று அனுப்பியிருக்கிறேன். ஆரஞ்சு கலர், 58 சிசி என்று ஸ்டிக்கர் இருக்கிறது. 20 இஞ்ச் செயின் வாங்கி மாட்டினால் தொளதொளவென்று தொங்குகிறது. டென்ஷன் ஸ்க்ரூவைக் கடைசி வரை திருப்பியும் இறுகவில்லை. இது எந்த கம்பெனி மெஷின்?

பதில்: கம்பெனியை விட்டுவிடுங்கள். இதே அச்சில் வார்த்த உடம்பு சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பல பெயர்களில் விற்கிறது. நிறத்தையும் சிசியையும் வைத்து செயின் வாங்கவே முடியாது. முதல் இரண்டு படங்களும் அதனால் உதவவில்லை. மூன்றாவது படத்தில் பாரின் அடிப்பகுதி, அதாவது மெஷினுக்குள் போகும் பக்கம், ஓரமாகத் தெரிகிறது. நமக்கு வேண்டிய எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் பாரைக் கழற்றி, அந்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் நன்றாகத் துடையுங்கள். எண்ணெயும் மரத்தூளும் தார் மாதிரி ஒட்டியிருக்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் .325 என்பதும், பக்கத்தில் .058 என்பதும், கடைசியில் 76 என்பதும் தெரிகின்றன. 6 கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் 6தான்.

முதல் எண் பிட்ச். செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளை எடுத்துக்கொண்டு, முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வருவது. இரண்டாவது எண் பாரின் பள்ளத்தின் அகலம், மில்லிமீட்டரில் 1.5. மூன்றாவது, செயினின் அடியில் பள்ளத்துக்குள் ஓடும் பற்களின் எண்ணிக்கை. அந்தப் பல்லைத்தான் டிரைவ் லிங்க் என்கிறோம்.

உங்கள் செயின் ஏன் தொங்குகிறது என்பதற்கு என் ஊகம் இது. 20 இஞ்ச் என்பது பாரின் நீளத்துக்குச் சொல்லும் பேச்சு வழக்கு, செயினின் அளவு அல்ல. உங்கள் மெஷின் போன்றவற்றில் 20 இஞ்ச் பாருக்கு 76 டிரைவ் லிங்க் வரும். வேறு சில மெஷின்களில் அதே .325 பிட்ச், அதே 20 இஞ்ச் பாருக்கு 80 வரும். கடைக்காரர் அந்த 80ஐக் கொடுத்திருப்பார். .325 பிட்சில் ஒரு டிரைவ் லிங்க் கூடினால் செயின் 16.5 மில்லிமீட்டர் நீளும். நான்கு கூடினால் 66. செயின் பாரின் மேலும் கீழும் ஓடுவதால், அதில் பாதி, 33 மில்லிமீட்டர், பார் முன்னே நகர்ந்தால்தான் இறுகும். டென்ஷன் ஸ்க்ரூவில் அவ்வளவு இடம் இல்லை. அதனால்தான் கடைசி வரை திருப்பியும் தொங்குகிறது.

ஒரு லிங்கில் பெயிண்ட் பொட்டு வைத்து எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். இரண்டு முறை எண்ணுங்கள். வெர்னியர் இருந்தால் டிரைவ் லிங்கின் தடிமனையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி: சார், என் பிரஷ் கட்டர் எந்த மாடல்? படம் இணைப்பில்.

பதில்: மாடல் தேவையில்லை. பிளேடு உட்காரும் வளையத்தின் விட்டத்தை அளந்து அனுப்புங்கள். பெரும்பாலும் 25.4 மில்லிமீட்டர், சிலவற்றில் 20. பிளேடின் நடு ஓட்டை அதோடு சரியாக இருக்க வேண்டும்.

கேள்வி: நான் பிரஷ் கட்டர் பிளேடைக் கழற்றவே முடியாமல் நட்டின் மூலையை மழுங்கடித்துவிட்டேன். இதற்கும் உங்கள் செயின் கணக்கு பொருந்துமா?

பதில்: இது வேறு விஷயம். பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் அந்த நட் இடப்புற மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். நீங்கள் இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டு இருந்திருப்பீர்கள். மழுங்கிய நட்டைத் திரும்ப மாட்டாதீர்கள், புதிதாக வாங்குங்கள். சுற்றும் பிளேடை அந்த ஒரு நட்தான் பிடித்திருக்கிறது. கை வைக்கும் முன் பிளக் வயர்.

கேள்வி: என் பாரிலும் செயினிலும் எண்ணெல்லாம் அழிந்துபோய்விட்டது. ஸ்கேலை வைத்து அளந்தால் போதுமா?

பதில்: பிட்சுக்குப் போதும். மூன்று ரிவிட்டை மட்டும் அளந்தால் .325 பிட்சுக்கு 16.5 மில்லிமீட்டர் வரும், 3/8க்கு சுமார் 18.6. இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கை நடுங்கினால் தப்பாகிவிடும். அதனால் நான் 11 ரிவிட் எடுப்பேன். செயினை மேசைமேல் இழுத்துப் பிடித்து, முதல் ரிவிட்டின் நடுவிலிருந்து பதினோராவது ரிவிட்டின் நடு வரை அளந்தால் .325க்கு 82.5 வரும், 3/8க்கு 93. இதில் குழப்பமே வராது. தேய்ந்த செயின் கொஞ்சம் நீண்டிருக்கும், ஆனால் 82 எந்தக் காலத்திலும் 93 ஆகாது.

தடிமனுக்கு ஸ்கேல் உதவாது. 1.3, 1.5, 1.6 இவற்றைக் கண்ணால் பிரித்துச் சொல்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நானே சொல்லமாட்டேன். வெர்னியரை வைத்து, டிரைவ் லிங்கின் தேயாத இடத்தில் அளக்க வேண்டும்.

கேள்வி: அண்ணே, இவ்வளவு கணக்கு தேவையா? என் பார் 1.5. நான் இரண்டு வருஷமாக 1.3 செயின்தான் போட்டு ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பதில்: ஓடும். ஓடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய செயின் சின்னப் பள்ளத்தில் நுழையவே நுழையாது, அதனால் அந்தத் தப்பு அங்கேயே நின்றுவிடும். சின்ன செயின் பெரிய பள்ளத்தில் அழகாக உட்கார்ந்துவிடும். ஆபத்தே அதுதான். செயினுக்கு நிமிர்ந்து நிற்கப் பிடிப்பு கிடைக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து ஓடும். தடித்த கட்டையை அறுக்கும்போது வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகிறதா என்று பாருங்கள். பள்ளத்தின் இரண்டு உதடும் ஒரே உயரத்தில் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அவரே மீண்டும்: வளைகிறதுதான். ஆனால் அது அரம் போட்டதில் வந்த கோளாறு. ஒரு பக்கப் பல் நீளம், மறுபக்கம் குட்டை. எல்லோருக்கும் வருவதுதானே?

பதில்: நீங்கள் சொல்வதும் காரணம்தான், அதை நான் மறுக்கவில்லை. வலப்பக்கப் பல்லும் இடப்பக்கப் பல்லும் நீளம் மாறினாலே வெட்டு வளையும். பிரித்துப் பார்க்க வழி உண்டு. மெஷினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு, பாரின் நடுவில் ஒரு வெட்டும் பல்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாகச் சாய்ந்தால் பள்ளம் அகலம். ஆடாமல் நின்றால் அரத்தைக் குற்றம் சொல்லலாம். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொருவர்: நான் ரிப்பேர் வேலை செய்கிறவன். பள்ளம் அகன்ற பாரை நாங்கள் உதடு நெருக்கும் கருவியில் வைத்து ஒடுக்கித் தருகிறோம். 1.5 பார் தேய்ந்துபோனால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

பதில்: தேய்ந்து அகன்ற 1.5 பாரை மறுபடி 1.5க்குக் கொண்டுவருவது சரியான வேலை, நானும் செய்திருக்கிறேன். ஒடுக்கியபின் உதடுகளைச் சமமாக அராவிவிட்டால் பார் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும். ஆனால் புது 1.5 பாரை 1.3க்கு ஒடுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உதடுகளை மட்டும் நெருக்கலாம். முனையில் சுற்றும் சின்னச் சக்கரம் 1.5க்குச் செய்ததாகவே இருக்கும்.

அவர்: முனைச் சக்கரம் இல்லாத பாரில் நான் செய்து கொடுத்து நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: முனைச் சக்கரம் இல்லாத பாரில் எனக்கு அனுபவம் குறைவு. உங்கள் கை வேலையை நேரில் பார்க்காமல் தப்பு என்று சொல்லமாட்டேன். கேள்வி கேட்டவரின் பாரில் சக்கரம் இருக்கிறது.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன், மஞ்சள் கலர் மெஷின், என்ன செயின் போடலாம்?

பதில்: பாரின் அடிப்பகுதியைத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். நிறம் வேண்டாம்.

கேள்வி: லான் மோவர் பிளேடு வேண்டும். இஞ்சின் மேல் உள்ள எண்ணை எழுதியிருக்கிறேன். அதை வைத்துக் கண்டுபிடித்துத் தர முடியுமா?

பதில்: அந்த எண் இஞ்சினுடையது. பிளக், கார்புரேட்டர் வாங்க உதவும். ஒரே இஞ்சினைப் பல கம்பெனிகள் வெவ்வேறு அளவு மோவர்களில் உட்கார வைக்கின்றன. பிளேடுக்கு மோவர் உடம்பில் ஒட்டியிருக்கும் லேபிள்தான் வேண்டும். அது கிழிந்திருந்தால் பழைய பிளேடை அளங்கள். ஒரு முனையின் மூலையிலிருந்து எதிர் முனையின் எதிர் மூலைக்கு, குறுக்காக. நடு ஓட்டை வட்டமா, நட்சத்திரமா, வேறு வடிவமா என்பது நேராக எடுத்த படத்தில் தெரிய வேண்டும். பிளேடை மேசைமேல் படுக்க வைத்துப் பக்கவாட்டிலிருந்தும் ஒரு படம் எடுங்கள். நடுப்பகுதியைவிட முனைகள் எவ்வளவு தாழ்ந்திருக்கின்றன என்பது அதில்தான் தெரியும்.

கேள்வி: ஐயா, சின்ன கரண்ட் மெஷின் வைத்திருக்கிறேன். 3/8 என்று சொல்லித்தான் செயின் வாங்கினேன். அது ஸ்பிராக்கெட்டில் சரியாக உட்காரவில்லை.

பதில்: 3/8 என்ற பெயரில் இரண்டு வகை உண்டு அம்மா. பெரிய மெஷினுக்கு ஒன்று. சின்ன மெஷினுக்கு உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் என்று ஒன்று. பெயரில் ஒரே எண் இருந்தாலும் ஒன்றின் ஸ்பிராக்கெட்டில் மற்றது ஓடாது. உங்களுக்குக் கொடுத்தது பெரியது. பழைய செயினின் டிரைவ் லிங்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், ஒரு எண் பொறித்திருக்கும். ஓரிகன் செயினாக இருந்து அது 91 என்றால், லோ ப்ரொஃபைல், தடிமன் 1.3. அந்த எண்ணையும் பற்களின் எண்ணிக்கையையும் சொன்னால் கடையில் வேறு எதுவும் கேட்கமாட்டார்கள். ஸ்பிராக்கெட்டையும் ஒரு தடவை பாருங்கள். செயின் உராய்ந்த இடத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் குழி விழுந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது செயின் சீக்கிரம் கெட்டுவிடும்.

கேள்வி: 52 சிசிக்கு எந்த செயின்?

பதில்: மேலே முதல் பதில்.

முதலில் கேட்டவர்: ஐயா, எண்ணிவிட்டேன். இரண்டு முறையும் 80தான் வந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே. நான்கு லிங்கைக் கழற்றிச் சேர்த்துவிட்டால் போதும் என்று பக்கத்துக் கடையில் சொல்கிறார்கள். தடிமனை அளந்ததில் 1.3 வருகிறது. வெட்டிவிடச் சொல்லட்டுமா?

பதில்: வெட்டவேண்டாம், நிறுத்துங்கள்.

தடிமன் 1.5 ஆக இருந்திருந்தால் நானே வெட்டச் சொல்லியிருப்பேன். இந்த வகை செயினில் இரண்டு டிரைவ் லிங்குக்கு ஒரு வெட்டும் பல் வரும், வலம் இடம் மாறி மாறி. நான்கு டிரைவ் லிங்கோடு இரண்டு பற்கள் போகும், ஒன்று வலம், ஒன்று இடம். மிச்சமிருக்கும் வரிசை கலையாது. ரிவிட்டை எடுக்கவும் திரும்ப அடிக்கவும் அதற்கென்று உள்ள கருவி கடையில் இருந்தால் கால் மணி நேர வேலை.

ஆனால் உங்கள் பார் 1.5, செயின் 1.3. வெட்டி மாட்டினால் நன்றாக இறுகும், சத்தமில்லாமல் ஓடும், சரியாகிவிட்டது என்று தோன்றும். பெரிய கட்டையில் கை வைக்கும்போதுதான் வெட்டு வளைய ஆரம்பிக்கும். மேலே ஒரு தம்பி இரண்டு வருஷம் ஓட்டியதாகச் சொன்னார், அதையும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், வெட்டாத செயினைத்தான் கடையில் திரும்ப வாங்குவார்கள், அதனால் இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு தாளில் .325, .058, 76 என்று எழுதி எடுத்துப்போங்கள். கடைக்காரர் "எத்தனை இஞ்ச்?" என்று கேட்டால் அந்தத் தாளைக் காட்டுங்கள். பாரையும் கையோடு கொண்டுபோய், புது செயினின் ஒரு பல்லை அங்கேயே பள்ளத்தில் இறக்கி ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: சார், என் மெஷின் படம் இதோ, சிவப்பு கலர்...

பதில்: பாரின் அடிப்பகுதி, தம்பி. துடைத்துவிட்டு.