தொழுவ வாடை வீசும் ஒயின்: குறையா, பாணியா?

கேள்வி: ஐயா, பிரான்சின் ரோன் பகுதியைச் சேர்ந்த ஷாத்தோநெஃப்-டு-பாப் சிவப்பு ஒயின் ஆறு பாட்டில் வாங்கினேன். முதல் பாட்டிலைத் திறந்ததும் மாட்டுத்தொழுவமும் பிளாஸ்திரியும் கலந்த வாடை அடித்தது. விற்றவரோ, "அது அந்த மண்ணின் வாசம், இரண்டு மணி நேரம் காற்றாட விட்டால் சரியாகிவிடும்" என்கிறார். இது கெட்டுப்போன ஒயினா? மீதி ஐந்தை என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு வாடைகளும் சேர்ந்தே வருகின்றன என்றால், அது பெரும்பாலும் பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்டின் வேலை. சுருக்கமாக பிரெட் என்பார்கள். குடித்தால் உடம்புக்குக் கேடில்லை. எனவே அந்த அச்சம் வேண்டாம். திராட்சைத் தோலிலிருந்து ஒயினில் இறங்கும் சில அமிலங்களை இந்த ஈஸ்ட் எத்தில்பீனால் என்னும் பொருள்களாக மாற்றுகிறது. அவற்றில் ஒன்று லாயத்தையும் பிளாஸ்திரியையும் நினைவூட்டும். மற்றொன்று கிராம்பையும் புகையையும். தோலோடு ஊறவைத்துச் செய்வதால் சிவப்பு ஒயினுக்கே இந்தத் தொல்லை அதிகம்.

இது மண்ணின் வாசம் என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் விளைந்த ஷிராஸ் ஒயினில் "வியர்த்த சேணம்" போன்ற ஒரு மணம் உண்டென்றும் அதுவே அவ்வூரின் அடையாளமென்றும் நெடுங்காலம் பெருமை பேசினார்கள். பிறகு அதில் பெரும்பங்கு பிரெட்டினுடையது என்று தெரிந்தது. உலகின் இரு மூலைகளில், வேறு வேறு மண்ணில் விளைந்த ஒயின்கள் ஒரே வாடை வீசினால், அந்த வாடை மண்ணிலிருந்து வந்திருக்க முடியாது. அது வருவது பெரும்பாலும் பழைய மரப்பீப்பாயிலிருந்து. பலகைக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் வரை ஈஸ்ட் புகுந்துவிடுவதால் கழுவினாலும் போகாது. கந்தக டை ஆக்சைடைக் குறைத்தாலோ, ஒயினில் புளிப்பு குறைந்திருந்தாலோ அது தழைக்கும். வெப்பமான தெற்கு ரோனில் நன்கு பழுத்த திராட்சைக்குப் புளிப்பு குறைவு என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. "கந்தகமே சேர்க்காத இயற்கை ஒயின்" என்று கூடுதல் விலை கேட்பவரிடம் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

காற்றாட விடுவது பற்றிய பேச்சில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. அதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அழுகிய முட்டை, எரிந்த தீக்குச்சி, சாக்கடை போன்ற கந்தக வாடைகள் வேறு வகை. காற்றுப் படாமல் இருந்த ஒயினில் அவை எழும், ஊற்றி வைத்தால் பெரும்பாலும் குறையும். எது என்று அறிய இரண்டு கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய செப்புத் துண்டு ஒன்றைப் போட்டுச் சுழற்றி, சில நிமிடம் கழித்து இரண்டையும் முகருங்கள் (செம்பு போட்டதைக் குடிக்க வேண்டாம்). செம்பு போட்ட கோப்பை தெளிந்து பழவாசம் மேலெழுந்தால் கந்தகம். விற்றவர் சொன்னது சரி. இரண்டும் ஒரேபோலத் தொழுவத்தை வீசினால் பிரெட். இரண்டு மணி அல்ல, இரண்டு நாள் வைத்தாலும் எத்தில்பீனால் அகலாது.

இனி, குறையா பாணியா என்பது. 1904-இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் நீல்ஸ் கிளாசன் இந்த ஈஸ்டை இனங்கண்டபோது, ஆங்கிலேயப் பீருக்குத் தனிச்சுவை தருவதே இதுதான் என்றார். ஆகவே பாணி என்ற வாதம் பிறவியிலேயே வந்தது. என் அளவுகோல் எளிது. பழமும் மிளகும் முன்னே நிற்க, பதனிட்ட தோலின் வாசம் பின்னே மெல்லத் தெரிந்தால், அதைப் பாணி என்று ஏற்கிறேன். பழம் மறைந்து, பிளாஸ்திரியே முன்னால் வந்து, கடைசியில் நாக்கில் வறண்ட உலோகச் சுவை தங்கினால் அது குறைதான். ஒரு லிட்டரில் எத்தில்பீனால்கள் சுமார் 400 மைக்ரோகிராமைத் தாண்டும்போது பலருக்கும் அது தெரியத் தொடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசம்பர் முதல் மூலப்பொருள் பட்டியலைக் கட்டாயமாக்கியது; கலோரி எவ்வளவு என்றுகூடச் சொல்கிறார்கள், இந்த ஒரு எண்ணை மட்டும் யாரும் சொல்ல வேண்டியதில்லை! தயாரிப்பாளரின் கையில் ஆய்வகத் தாள் இருக்கும், வாங்குபவர் மூக்கை நம்ப வேண்டும்.

மீதி ஐந்தில் இன்னொன்றை மட்டும் திறந்து பாருங்கள். வடிகட்டாத ஒயினில் ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளும் உயிரோடிருக்கும் என்பதால், வெப்பத்தில் வைத்தால் வாடை ஏறும். ஒரு பாட்டிலுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடும் இருக்கலாம். இரண்டாவதும் அப்படியே இருந்தால், திறக்காத நான்கையும், முக்கால் பாகம் மிச்சமுள்ள ஒரு பாட்டிலையும் அதன் கார்க்கோடு கொண்டுபோய்ப் பணத்தைக் கேளுங்கள். கார்க் பூஞ்சை வாடை என்று சொல்லிவிடாதீர்கள். அது ஈர அட்டை போல இருக்கும், விற்றவர் முகர்ந்து பார்த்து உங்களையே மறுத்துவிடுவார். தொழுவமும் பிளாஸ்திரியும் என்றே சொல்லுங்கள்.